சீரம் இரும்பு குறைவா? ஃபெரிட்டினையும் பாருங்கள்

இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தசோகை, நாள்பட்ட நோயால் வரும் இரத்தசோகை இரண்டிலும் சீரம் இரும்பு குறைந்தே இருக்கும். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

முடக்குவாத நோயாளி ஒருவருக்கு ஹீமோகுளோபின் 9.5 கிராம், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 220 நானோகிராம், இரும்புப் பிணைப்புத் திறன் குறைவு என்று வைத்துக்கொள்வோம். இவர் உடலில் இரும்பு இருக்கிறது. அழற்சியின்போது கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. இரும்புச்சத்துக் குறைபாட்டிலோ கிடங்கே காலி: ஃபெரிட்டின் பெரும்பாலும் 30-க்குக் கீழ் இறங்கும், பிணைப்புத் திறன் உயரும்.

ஆனால் அழற்சியே ஃபெரிட்டினை உயர்த்திவிடும் என்பதுதான் வம்பு. இதே நோயாளிக்கு 60 என்று வந்தால் இரண்டும் சேர்ந்திருக்கலாம். வலிநிவாரணி மாத்திரைகளால் வயிற்றில் இரத்தம் கசியக்கூடும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.