வினைச்சொல்லை முன்னால் இழுங்கள்

“ஐ யெஸ்டர்டே மார்க்கெட்ல மை பிரதருக்கு…” என்று தொடங்கிப் பாதியில் திணறியிருக்கிறீர்களா? தமிழில் வினை கடைசியில் வருவதால், ஆங்கிலம் பேசும்போதும் அதைக் கடைசிக்கென்று வைத்துக்கொள்கிறோம். தமிழில் சொற்களை இடம் மாற்றினாலும் ‘ஐ’, ‘கு’ போன்ற உருபுகள் பொருளைக் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் யார் செய்தார், எதைச் செய்தார் என்பதைச் சொல் நிற்கும் இடமே காட்டுகிறது.

“நான் நேற்று சந்தையில் தம்பிக்கு ஒரு சட்டை வாங்கினேன்.” இதில் ‘நான்’ அங்கேயே இருக்கட்டும். மீதியைக் கடைசியிலிருந்து படியுங்கள்: வாங்கினேன், ஒரு சட்டை, தம்பிக்கு, சந்தையில், நேற்று.

“ஐ பாட் எ ஷர்ட் ஃபார் மை பிரதர் அட் த மார்க்கெட் யெஸ்டர்டே.” சரியாக வந்துவிட்டதா?

‘சிவப்புச் சட்டை’ மாதிரி ஒட்டி வருவதை மட்டும் திருப்பாதீர்கள். அது ‘ரெட் ஷர்ட்’தான். அப்புறம், வெறுமனே ‘வாங்கினேன்’ என்றால் அதிலேயே ‘நான்’ ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ‘ஐ’யை வெளியே எடுத்து வைக்க வேண்டும். ‘எனக்குப் பசிக்கிறது’ போன்றவற்றுக்கு இந்த வித்தை பலிக்காது. ‘ஐ ஆம் ஹங்ரி’ என்று முழுசாகவே பழகிக்கொள்ளுங்கள்.