படுக்கையறை நடுவில் பில்லர்: இன்ஜினியருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

கடலூரில் நாங்கள் கட்டிய வீட்டின் பிளானில், கீழே வடமேற்கு மூலையில் பாத்ரூம், உள்ளளவு 5 அடிக்கு 7 அடி. அதன் உள்மூலையில் C6 என்ற பில்லர். கீழே அது சுவரோடு ஒளிந்துகொள்ளும். மேலே அதே இடத்தில் 14 அடிக்கு 16 அடி படுக்கையறை வேண்டும் என்று பிளானை மாற்றினோம். அப்போதுதான் C6 அறைக்குள் அம்போவென்று நிற்பது தெரிந்தது. கட்டிலைப் போட்டால் பீரோ கதவு பில்லரில் இடிக்கும்.

இதைப் போனில் பேசி முடிக்காதீர்கள். எழுத்தில் கேட்டால் பதிலும் எழுத்தில் வரும்.

முதலில் எந்த டிராயிங் என்று பாருங்கள். பிளானிலும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கிலும் தேதி, திருத்த எண் இருக்கும். எங்கள் இன்ஜினியர் பழைய பிளானை வைத்து டிராயிங்கில் பில்லர் போட்டிருந்தார். தவறு அவருடையது இல்லை. புதுப் பிளானை நாங்கள்தான் அனுப்பவில்லை.

அடுத்து அளவு. நான் சறுக்கியது இங்கேதான். மேற்குச் சுவரின் உள்முகத்திலிருந்து பில்லர் முகம் வரை 5 அடி என்று எழுதினேன். “அப்படி ஒரு பில்லரே இல்லையே சார்” என்றார். அவர் டிராயிங்கில் அளவெல்லாம் சென்டர் டு சென்டர். 9 அங்குலச் சுவரில் பாதி நாலரை, பில்லரின் 9 அங்குலப் பக்கத்தில் பாதி நாலரை, இரண்டையும் அந்த 5 அடியோடு சேர்த்தால் 5 அடி 9 அங்குலம். டிராயிங்கில் அது 1750 மி.மீ. என்று இருந்தது. ஆகவே பில்லரின் எண்ணையும், டிராயிங்கில் உள்ள மி.மீ. அளவையும் அப்படியே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் எண்கள் மங்கிவிடும். PDF-இல் வட்டம் போட்டு மெயிலில் அனுப்புவதே என் கட்சி.

பிறகு கேள்வி. “பில்லரை எடுத்துவிடுங்கள்” என்று தீர்ப்பு எழுதாதீர்கள். நான் இரண்டாம் முறை எழுதியது இது:

> சார்,
> முதல் தளப் படுக்கையறைக்குள் C6 வருகிறது (மேற்குச் சுவரிலிருந்து 1750 மி.மீ., சென்டர் டு சென்டர்). கீழ்த்தளத்தில் அதனால் தொந்தரவு இல்லை. C6-ஐ முதல் தளத் தரை மட்டத்தோடு நிறுத்த முடியுமா? நிறுத்தினால் மேல் கான்கிரீட் எவ்வளவு தடிக்கும், அறைக்குள் பீம் தொங்குமா? முடியாதென்றால் கீழேயே பில்லரை நகர்த்த வழி உண்டா?
> இரண்டாவது மாடி கட்டும் எண்ணம் இல்லை. 1000 லிட்டர் தொட்டியை மாடிப்படி ஹெட்ரூம் மேல் வைத்துக்கொள்கிறோம். ஃபூட்டிங் குழி இன்னும் வெட்டவில்லை. திருத்திய டிராயிங் வந்த பிறகே வெட்டுவோம்.

கடைசிப் பத்திதான் முக்கியம். கீழிருந்து வரும் பில்லர் ஒரு தளத்தோடு முடிவது கணக்குக்குள் அடங்கும், ஏனென்றால் அதற்கு மேலே மொட்டைமாடி எடை மட்டும்தான். ஆனால் அங்கே நிறுத்தினால், பிற்பாடு மாடி எழுப்பும்போது அதே இடத்தில் பில்லரைத் தொடங்க முடியாது. நேர் கீழே படுக்கையறையில் பில்லர் இல்லாமல் பீம் மேல் பில்லர் நட்டால் அதன் முழு எடையும் பீம் நடுவில் விழும். அதனால் மேலே என்ன வரப்போகிறது என்று நீங்கள் சொல்லாமல் அவரால் பதில் சொல்ல முடியாது. தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான். 1000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு டன்.

நான்கு நாளில் பதில் வந்தது. C6 முதல் தளத் தரை மட்டத்தோடு முடிந்துவிடும். படுக்கையறை மேல் கான்கிரீட் 5 அங்குலத்துக்குப் பதில் 6 அங்குலம். சுற்றுச் சுவர்மேல் ஓடும் பீம்களுக்கு ஆழம் கூடும். அவை சுவர் மேலேயே போவதால் அறைக்குள் எதுவும் தொங்காது. நான்கு மூலைகளிலும் கீழிருந்தே பில்லர் இருந்ததால் இது சாத்தியமானது. உங்கள் வீட்டில் மூலை பில்லர் இல்லையென்றால் பதில் வேறாக இருக்கும். எங்கள் 6 அங்குலத்தைக் கொண்டுபோய் உங்கள் மேஸ்திரியிடம் காட்டாதீர்கள்.

பிற்சேர்க்கை: புதுச்சேரி வாசகர் ஒருவருக்கு ஃபூட்டிங் போட்டு பில்லர் கம்பியும் நிறுத்தியாகிவிட்டது. “கம்பியை வளைத்து ரெண்டடி தள்ளிக்கலாம்” என்கிறாராம் மேஸ்திரி. வேண்டாம். ஃபூட்டிங்கின் நடுவில் இறங்க வேண்டிய எடை ஓரத்துக்குப் போய்விடும். வளைந்த இடத்தில் கம்பி நேராகத் தாங்கவும் செய்யாது. வேலையை நிறுத்திவிட்டு, கடிதத்தில் “எந்த மட்டம் வரை கான்கிரீட் முடிந்தது” என்று ஒரு வரி சேர்த்து, நிற்கும் கம்பியின் படத்தையும் வைத்து அனுப்புங்கள். மேலே நிறுத்துவது அப்போதும் முடியலாம். கீழே நகர்த்துவதென்றால் புது ஃபூட்டிங் செலவு உண்டு.