முட்டைக் குழம்பை மைக்ரோவேவில் வைக்கும் முன்

நேற்றைய முட்டைக் குழம்பை தரமணி ஆபீஸ் மைக்ரோவேவில் சூடாக்குகிறீர்களா? முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள். மூடியை லேசாகச் சாய்த்து வையுங்கள், இறுக்கி மூட வேண்டாம். எவர்சில்வர் மூடி கூடவே கூடாது.

மஞ்சள் கருவுக்குள் சிக்கிய ஈரம் கொதிநிலையைத் தாண்டியும் ஆவியாகாமல் நிற்கும். வெளியே எடுத்துக் கடிக்கும்போது டப்பென்று வெடித்து வாயைச் சுடுவது அதனால்தான். துளை இருந்தால் ஆவி அவ்வப்போது வெளியேறிவிடும். மூடி தெறிப்பதைப் பிடிக்குமே தவிர வெடிப்பை நிறுத்தாது. தோலோடு வேகவைக்கும் உருளைக்கிழங்கு, கத்தரிக்காயையும் இப்படியே குத்தலாம்.

ஓட்டோடு இருக்கும் முட்டைக்கு இது செல்லாது. ஓட்டில் துளை போட்டாலும் நம்ப முடியாது, அதற்கு அடுப்புதான் சரி.