மதியம் மட்டும் நின்றுபோகும் ஏசி: ரியாத் புழுதிக்கு என் வழி

இரவில் நன்றாகக் குளிரும் ஸ்பிளிட் ஏசி, மதியம் 45 டிகிரி வெயிலில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடினால், கேஸ் குறைவு என்று முடிவுகட்டுவதற்கு முன் அவுட்டோர் யூனிட்டின் காயிலைப் பாருங்கள். காயிலில் புழுதி அடைத்திருந்தால், வெப்பம் வெளியேறாமல் பிரஷர் ஏறியே கம்ப்ரசர் நிற்கிறது. அந்த நிலையில் கேஸ் ஏற்றினால் பிரஷர் இன்னும் கூடும்.

வெளிப்பக்கம் சுத்தமாகத் தெரிவதை நம்பக்கூடாது. இரண்டு வரிசைக் காயிலில் மாவு போன்ற மண் நடுவில்தான் அடைந்திருக்கும். மெயின் சுவிட்சை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு மேல்மூடியைக் கழற்றி, ஃபின் எனும் மெல்லிய தகடுகளுக்கு இடையே டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் வராது.

கழுவி முடிக்கும்வரை மெயின் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும், கெபாசிட்டரைத் தொடாதீர்கள். மின்பெட்டியை பிளாஸ்டிக்கால் மூடுங்கள். முதலில் காய்ந்த புழுதியை மென்மையான பிரஷ்ஷால் ஃபின் ஓடும் திசையிலேயே தட்டிவிட வேண்டும். பிறகு சாதாரண ஹோஸால் உள்ளிருந்து வெளியே, மேலிருந்து கீழாகத் தாராளமாக நீர் விடுங்கள். இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள்: கொஞ்சமாகத் தெளித்தால் புழுதி சேறாகி, வெயிலில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். பிரஷர் கன் ஃபின்களை மடக்கிவிடும். கலங்கல் போய்த் தெளிந்த நீர் வரும்வரை விட்டு, அரைமணி நேரம் காயவிடுங்கள்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மாதம் ஒருமுறை, குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். பெரிய புழுதிப்புயல் அடித்தால் மட்டும் தேதி பார்க்காமல் அந்த வாரமே கழுவிவிட வேண்டும்.