ஐசி-38 தேர்வு: கதைக் கேள்விகளில் மார்க்கை விடாமல் இருக்க நான்கு படிகள்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆக எழுத வேண்டிய ஐசி-38 தேர்வில் 50 கேள்விகள், ஒரு மணி நேரம், பாஸ் மார்க் 35 சதவீதம். கேட்டால் சின்ன விஷயமாகத்தான் தெரியும். ‘நாமினி என்பவர் யார்’ வகைக் கேள்விகளுக்கு எல்லாரும் பதில் எழுதிவிடுகிறார்கள். ‘குமார் ஒரு வீட்டை வாங்கினார், பிறகு விற்றார், அதன் பிறகு தீப்பிடித்தது’ என்று கதையாக வரும்போதுதான் தடுமாற்றம். நான் வகுப்பு எடுக்கும்போது கவனித்தது இது: பெரும்பாலானவர்கள் கதையைப் படித்ததும் நேராகத் தொகைக்குப் போய்விடுகிறார்கள். கிளைம் பிரிவில் இருப்பவர் அப்படிப் படிக்க மாட்டார். பணம் கேட்பவருக்கு அந்த உரிமை இருக்கிறதா, சொன்னது உண்மையா, எதனால் நஷ்டம் வந்தது, கடைசியில்தான் எவ்வளவு. நாமும் இதே வரிசையில் போவோம்.

படி 1: அந்த ஆளுக்கு நஷ்டம் உண்டா, எந்தத் தேதியில்?

இதற்குப் புத்தகத்தில் ‘இன்சூரபிள் இன்டரஸ்ட்’ என்று பெயர். அந்தப் பொருள் அழிந்தாலோ அந்த உயிர் போனாலோ உங்களுக்குப் பண இழப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அது இன்சூரன்ஸ் அல்ல, பந்தயம். கேள்வி தயாரிப்பவர்கள் இதில் ஒளித்து வைப்பது தேதியைத்தான்.

கேள்வி: ஒருவர் 2015-ல் மனைவி பெயரில் ஆயுள் பாலிசி எடுத்தார். 2019-ல் விவாகரத்து. அவர் பிரீமியத்தை விடாமல் கட்டிவந்தார். 2022-ல் அந்தப் பெண் இறந்தார். கிளைம் உண்டா? உண்டு. ஆயுள் காப்பீட்டில் பாலிசி எடுக்கும் நாளில் அந்த நலன் இருந்தால் போதும்.

இதையே வீட்டுக்கு மாற்றிப் பாருங்கள். மார்ச்சில் வீட்டை விற்றுப் பத்திரம் பதிந்தாகிவிட்டது. தீக்காப்பீடு மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே ஓடுகிறது. மே மாதம் தீ. பழைய உரிமையாளர் கிளைம் போட்டால் கிடைக்காது, ஏனென்றால் மே மாதம் அவருக்கு எரிந்தது எதுவுமே இல்லை. தீக்காப்பீட்டில் எடுக்கும்போதும் இருக்க வேண்டும், நஷ்டம் வரும்போதும் இருக்க வேண்டும். கப்பல் சரக்குக்கு நஷ்டம் வரும் நேரத்தில் இருந்தால் போதும். சரக்கு கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே கைமாறும் வியாபாரம் அது.

கடன் கொடுத்தவர் பற்றியும் கேட்பார்கள். 5 லட்சம் கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர் உயிர் மேல் 50 லட்சத்துக்குப் பாலிசி எடுக்க முடியாது. அவருடைய நலன் கடன் அளவுக்குத்தான்.

படி 2: சொன்னது உண்மையா?

‘அட்மோஸ்ட் குட் ஃபெய்த்’ என்பதைச் சாதாரண நேர்மை என்று படித்துவிடாதீர்கள். கடையில் சேலை வாங்கும்போது சாயம் போகுமா என்று நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். இன்சூரன்ஸில் கேட்ட முக்கிய விவரங்களை மறைக்காமல் சொல்வது நம் கடமை. உங்கள் சர்க்கரை அளவு உங்களுக்குத்தான் தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது.

இங்கே சட்டம் 1938-ம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு. 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று வருடம் முடிந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. ‘மூன்று வருடம்’ என்பது எல்லாருக்கும் மனப்பாடம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: பாலிசி ஆரம்பம் ஜூன் 2020. இடையில் பிரீமியம் கட்டாமல் லேப்ஸ் ஆனது. பிப்ரவரி 2023-ல் புதுப்பிக்கும்போது கொடுத்த உடல்நல உறுதிமொழியில் சர்க்கரை நோயைச் சொல்லவில்லை. நவம்பர் 2024-ல் மரணம். நிறுவனம் கேள்வி கேட்கலாமா?

2020-லிருந்து எண்ணினால் நான்கு வருடம் தாண்டிவிட்டது, கேட்க முடியாது என்று டிக் அடிக்கத் தோன்றும். ஆனால் பாலிசி வழங்கிய நாள், ரிஸ்க் தொடங்கிய நாள், புதுப்பித்த நாள், ரைடர் என்ற கூடுதல் பலன் சேர்த்த நாள் ஆகியவற்றில் எது கடைசியோ அதிலிருந்துதான் மூன்று வருடம். புதுப்பித்ததிலிருந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எனவே கேள்வி கேட்கலாம். ‘கேட்கலாம்’ என்றால் பணம் தராமல் விட்டுவிடலாம் என்று அர்த்தம் இல்லை. அந்த விவரம் தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். ஏமாற்றும் எண்ணம் இல்லாத தவறான தகவல் என்ற அடிப்படையில் மறுத்தால், கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

ஒரு ஏஜென்ட், வாடிக்கையாளர் “எனக்கு பிபி மாத்திரை இருக்குங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, படிவத்தில் வரிசையாக ‘இல்லை’ ‘இல்லை’ என்று டிக் அடித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். படிவத்தில் இருப்பது வாடிக்கையாளரின் கையெழுத்து. பின்னால் மாட்டுவது அவர் குடும்பம்.

படி 3: எதனால் வந்தது?

‘புராக்ஸிமேட் காஸ்’, அதாவது நஷ்டத்தைக் கிளப்பிவிட்ட வலுவான காரணம். நேரத்தில் கடைசியாக வந்த காரணம் என்று படித்தால் தவறாகும். இதற்குப் பயன்படும் பழைய குதிரைக் கதை 1909-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கு. விபத்துப் பாலிசி வைத்திருந்தவர் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார், ஈரத்தில் நனைந்தார், நிமோனியா வந்து இறந்தார். கடைசியில் வந்தது நோய்தான். ஆனால் விழுந்ததிலிருந்து மரணம் வரை சங்கிலி அறாமல் வந்ததால் விபத்தே காரணம் என்று முடிவானது.

தேர்வில் இந்தச் சங்கிலியை வேண்டுமென்றே அறுத்துக் கேட்பார்கள். கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு, முறிவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் மாரடைப்பு வந்தால் அது புதுக் காரணம். விபத்துப் பாலிசியில் மரணத்துக்கான பணம் வராது.

படி 4: இப்போதுதான் தொகை

இந்தப் படிக்கு மட்டும் நிதானம் வேண்டும். ‘இண்டெம்னிட்டி’ என்றால் நஷ்டத்துக்கு முன்னால் இருந்த நிலைக்குக் கொண்டுவருவது, அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. ஒரே ஒரு துணிக் கிடங்கை எடுத்துக்கொள்வோம்.

தீப்பிடித்த நாளில் கிடங்கில் இருந்த சரக்கு மதிப்பு ₹20 லட்சம். காப்பீட்டுத் தொகை ₹15 லட்சம். எரிந்தது ₹4 லட்சம். கிளைம் எவ்வளவு? ‘4 லட்சம், 15-க்குள்தானே இருக்கிறது’ என்பது வகுப்பில் எப்போதும் முதலில் வரும் பதில். தப்பு. இங்கே ஆவரேஜ் விதி வேலை செய்கிறது.

```
கிளைம் = நஷ்டம் × காப்பீட்டுத் தொகை ÷ உண்மை மதிப்பு
       = 4 × 15 ÷ 20 = 3 லட்சம்
```

அவர் முக்கால் பங்கு சரக்குக்குத்தான் பிரீமியம் கட்டினார். மீதிக் கால் பங்குக்கு அவரே இன்சூரன்ஸ் கம்பெனி. அதனால் எந்த மூலையில் தீப்பிடித்தாலும் நஷ்டத்தில் கால் பங்கு அவர் தலையில். (எக்ஸஸ் என்ற கழிவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

கேள்வியில் பாலிசியின் பெயர் இருந்தால் அதையும் பாருங்கள். 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் பாலிசியில் 15 சதவீதம் வரையான குறைவைக் கண்டுகொள்வதில்லை. இதே கிடங்குக்கு ₹18 லட்சத்துக்கு எடுத்திருந்தால் குறைவு 10 சதவீதம்தான், முழு 4 லட்சமும் வரும். நம் ஆள் 25 சதவீதம் குறைத்து எடுத்ததால் தப்பவில்லை. வீடுகளுக்கான பாரத் க்ருஹ ரக்ஷாவில் ஆவரேஜ் விதியே கிடையாது.

அடுத்த திருப்பம். அந்த 15 லட்சம் ஒரே நிறுவனத்தில் இல்லை. ஒன்றில் 10, இன்னொன்றில் 5. இரண்டிலும் தனித்தனியாக 3 லட்சம் வாங்கி 6 லட்சம் ஆக்கலாமா? முடியாது. இரண்டு நிறுவனங்களும் தங்கள் தொகையின் விகிதத்தில் பிரித்துக்கொள்ளும், ₹2 லட்சம், ₹1 லட்சம். இதுதான் ‘கான்ட்ரிபியூஷன்’.

கடைசித் திருப்பம். தீ வந்தது பக்கத்து வெல்டிங் பட்டறையின் அலட்சியத்தால். பணம் கொடுத்த பிறகு, பட்டறைக்காரர் மேல் கிடங்குக்காரருக்கு இருந்த உரிமை கொடுத்த தொகை அளவுக்கு நிறுவனத்துக்குப் போகிறது. ‘சப்ரோகேஷன்’ என்பது இவ்வளவுதான். இதில் ஒரு கண்ணி உண்டு. கிடங்குக்காரர் அதற்கு முன்பே பட்டறைக்காரரிடம் ₹50,000 வாங்கிக்கொண்டு, ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்று எழுதிக்கொடுத்துவிட்டால்? நிறுவனம் வசூலிக்க வேண்டிய உரிமையை அவரே அழித்துவிட்டார். அவருடைய கிளைமுக்கே ஆபத்து. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சமரசம் பேசி எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம் என்பதால் ஏஜென்டாக இதை வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இந்த மூன்று விதியும் ஆயுள் காப்பீட்டுக்கு இல்லை. உயிருக்குச் சந்தை விலை போட முடியாது. லாரி மோதி இறந்தவருக்கு 25 லட்சம், 10 லட்சம் என்று இரண்டு பாலிசி இருந்தால் குடும்பத்துக்கு 35 லட்சமும் வரும், லாரி விபத்து நஷ்ட ஈடும் தனியாக வரும்.

தேதியோடு வரும் இரண்டு சொற்கள்

ஃப்ரீ லுக் என்பது பாலிசி பிடிக்காவிட்டால் திருப்பிக்கொடுக்கும் காலம். 2024 விதிப்படி 30 நாள். பழைய நோட்ஸில் 15 என்று இருந்தால் அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள். எண்ணத் தொடங்குவது பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து, பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல.

கிரேஸ் பீரியட் என்பது தவணைத் தேதி தாண்டியும் பிரீமியம் கட்டக் கிடைக்கும் காலம். மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். மாதத் தவணை ஏப்ரல் 1-ல் கட்ட வேண்டும், கட்டவில்லை, ஏப்ரல் 12-ல் மரணம் என்று கேள்வி வந்தால், பாலிசி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பாக்கித் தவணையைக் கழித்துக்கொண்டு கிளைம் கொடுப்பார்கள். அதே ஆள் ஆண்டுத் தவணை கட்டுபவராக இருந்து, ஏப்ரல் 28-ல் இறந்திருந்தால்? அப்போதும் அதே பதில்தான், 30 நாள் இன்னும் முடியவில்லை.