சரிவுச் சுரண்டிக்குத் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம்: விவரிப்புப் பகுதியை எழுதும் முறை

என் முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "தகடு கைப்பிடியுடன் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும், சாய்வை மாற்றிக்கொள்ளலாம்." அதைத் தங்கையிடம் வாசித்துக் காட்டி, கேட்டதை மட்டும் வைத்து ஒரு படம் வரையச் சொன்னேன். அவள் வரைந்தது மண்ணைத் தள்ளி அள்ளும் ஒரு சவள். கூர்முனை ஆளைப் பார்க்காமல் எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருந்தது. நான் செய்த கருவியோ இழுத்துச் சுரண்டுவது. அவள் மீது பிழை இல்லை. கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கும் என்று நான் எழுதவே இல்லை.

தற்காலிக விண்ணப்பத்தில் இந்த மாதிரிப் பிழையை யாரும் திருத்தித் தர மாட்டார்கள். அந்த விண்ணப்பம் செய்வது ஒரே வேலைதான்: இந்தக் கண்டுபிடிப்பு இந்தத் தேதியில் என் கையில் இருந்தது என்று பதிந்து வைப்பது. இந்தியச் சட்டமும் அமெரிக்கச் சட்டமும் இதற்கு வழி தருகின்றன. இரண்டிலும் 12 மாதங்களுக்குள் முழு விண்ணப்பம் போக வேண்டும். காப்புரிமை போன்றவற்றுக்கான பாரிஸ் உடன்படிக்கையின்படி அதே 12 மாதங்களுக்குள் இலங்கையில் விண்ணப்பித்தாலும் முதல் தேதியை முன்னுரிமையாகக் கோரலாம். நான் அமெரிக்க முறையை வைத்து எழுதுகிறேன். அங்கே தற்காலிக விண்ணப்பத்துக்கு, எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் உரிமைக்கோரல்கள் தேவையில்லை. யாரும் அதை ஆராய்வதும் இல்லை. எனவே விவரிப்பில் ஓட்டை இருந்தால், அது பல ஆண்டுகள் கழித்து, காப்புரிமையை எவராவது எதிர்க்கும் நாளில்தான் வெளியே வரும்.

கருவி

எடுத்துக்காட்டாக வரும் கருவி இதுதான். வெலிமடை, நுவரெலியா பக்கம் கரட்டும் லீக்ஸும் போடும் மரக்கறித் தோட்டங்கள் பலவும் சரிவில் இருக்கின்றன. சாதாரணச் சுரண்டியின் தகடு ஒரே சாய்வில் பற்றவைக்கப்பட்டிருக்கும். சமதரையில் அது புல்லை மட்டும் அரிந்து வரும். சரிவில் பள்ளத்தைப் பார்த்து நின்று இழுத்தால் மண்ணுக்குள் குத்தி, மேல்மண்ணை வாரி எடுத்துவிடும். அதனால் தகட்டின் சாய்வை நான்கு நிலைகளில் மாற்றிப் பூட்டும்படி ஒரு சுரண்டி செய்தோம்.

படி 1: ஒரு பொருளுக்கு ஒரே பெயர்

எழுதத் தொடங்கும் முன் கருவியைக் கழற்றி மேசையில் பரப்புங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் கொடுங்கள். எங்கள் சுரண்டிக்குக் கொடுத்தவை: கைப்பிடி 10, கைப்பிடி நுழையும் குழல் 12, குழலின் கீழ்முனையில் உள்ள இரண்டு காதுகள் 14, தகடு 16, தகட்டின் முதுகில் பற்றவைத்த விசிறித் துண்டு 18, சுழல் ஆணி 20, விசிறித் துண்டில் உள்ள துளைகள் 22, பூட்டு ஊசி 24. எண்களை ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தால், பிறகு நினைவுக்கு வரும் துண்டை நடுவில் சேர்க்கலாம்.

பள்ளிக்கூடத்தில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று சொல்லித் தந்தார்கள். இங்கே அதற்கு நேர்மாறாக எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் "தகடு", அடுத்த பக்கத்தில் "அலகு", அதற்கடுத்ததில் "வெட்டும் பகுதி" என்று எழுதினால், படிப்பவர் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருப்பதாக எடுத்துக்கொள்வார்.

படி 2: பழைய கருவியின் குறை, சில வரிகளில்

இன்று புழக்கத்தில் உள்ள சுரண்டி சரிவில் என்ன செய்கிறது என்பதை நான்கைந்து வரிகளில் சொன்னால் போதும். இங்கே நீட்டுவது ஆபத்து. "இதைப் போன்றவை ஏற்கெனவே பலரிடம் இருக்கின்றன" என்று தாராளமாக எழுதினால், அந்த வரியே பின்னர் உங்களுக்கு எதிரான சான்றாக நிற்கும்.

படி 3: எது எதோடு, எப்படி, எந்தப் பக்கம்

விவரிப்பின் உயிர் இந்தப் பகுதியில் இருக்கிறது. துண்டுகளின் பெயரைச் சொல்வதைவிட, ஒன்று மற்றொன்றோடு எப்படிச் சேர்கிறது என்று சொல்வதுதான் கடினம். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்த்து எழுதுங்கள். தங்கையைக் குழப்பிய அந்த ஒற்றை வாக்கியம், மூன்றாவது வரைவில் இப்படி ஆனது:

"குழல் 12இன் கீழ்முனையிலிருந்து இரண்டு காதுகள் 14 ஒன்றுக்கொன்று இணையாகக் கீழ்நோக்கி நீள்கின்றன. விசிறித் துண்டு 18 அந்தக் காதுகளுக்கு இடையே அமைந்து, சுழல் ஆணி 20ஐ அச்சாகக் கொண்டு திரும்புகிறது. விசிறித் துண்டு 18 தகடு 16இன் முதுகில், தகட்டின் அகலத்துக்கு நடுவே, தகட்டுக்குச் செங்குத்தாகப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், அது திரும்பும்போது தகடும் சேர்ந்து திரும்புகிறது. தகடு 16இன் கூர்முனை, கைப்பிடி 10ஐப் பிடித்து நிற்பவரை நோக்கி இருக்கும். கைப்பிடி 10இன் மைய அச்சுக்கும் தகடு 16இன் தளத்துக்கும் இடையே, பிடித்து நிற்பவரின் பக்கத்தில் அளக்கப்படும் கோணம் 'தகட்டுக் கோணம்' எனப்படும்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். கோணத்தை எங்கிருந்து எங்கே, எந்தப் பக்கத்தில் அளப்பது என்று சொல்லாவிட்டால் 75 பாகையும் 105 பாகையும் ஒன்றாகிவிடும்.

இது நுணுக்கம் பார்க்கும் பிடிவாதம் அல்ல. பாறையில் கிடையாகத் துளையிடும் ஒரு துளைமுனை பற்றிய வழக்கில் 2002இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் உரிமையாளர்கள் தற்காலிக விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். துளைமுனை அதைத் தாங்கும் கூட்டுக்குச் சாய்வாக அமைந்திருக்கும் என்பது பிறகு வந்த காப்புரிமையின் உரிமைக்கோரலில் இருந்தது. தற்காலிக விண்ணப்பத்தின் விவரிப்பில் இல்லை. எனவே அந்த முதல் தேதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முழு விண்ணப்பம் போவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பாகவே பொருளை விற்பனைக்கு வைத்திருந்ததால், காப்புரிமையே செல்லாது என்று ஆனது. எழுதாமல் விட்டது ஒரு சாய்வை மட்டும்தான்.

படி 4: எப்படி வேலை செய்கிறது, ஏன்

அடுத்து, கருவியைப் பயன்படுத்தும் முறையை வரிசையாக எழுதுங்கள்: ஊசியை உருவுவது, தகட்டைத் திருப்புவது, காதுகளின் துளையும் விசிறியின் துளையும் நேர்படும்போது ஊசியைச் செருகுவது. பிறகு காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால், படிப்பவர் உங்கள் அளவுகளைத் தம் நிலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும்.

எங்கள் காரணம் ஒரு சிறு கூட்டல் கணக்கு. கைப்பிடி நிலத்தோடு செய்யும் கோணத்தையும் தகடு நிலத்தோடு செய்யும் கோணத்தையும் கூட்டினால் தகட்டுக் கோணம் வரும். சமதரையில் கைப்பிடி ஏறக்குறைய 50 பாகையில் நிற்கிறது. தகடு 25 பாகையில் படிந்தால் புல்லின் வேர்க்கழுத்தை மட்டும் அரிகிறது. எனவே 75 பாகைத் துளை பொருந்தும். 25 பாகைச் சரிவில் பள்ளத்தைப் பார்த்து நின்று கைப்பிடியை அதே சாய்வில் பிடித்தால், நிலம் நம்மை நோக்கி எழுவதால் கைப்பிடிக்கும் நிலத்துக்கும் இடையே 25 பாகைதான் மிஞ்சும். அப்போதும் 75இல் பூட்டி வைத்திருந்தால் தகடு 50 பாகையில் மண்ணுக்குள் குத்தும். 45 பாகைத் துளைக்கு மாற்றினால் தகடு 20 பாகையில் படிந்து, மேலோட்டமாகவே அரிந்து வரும். இந்தக் கணக்கை அப்படியே விவரிப்பில் எழுதினோம்.

படி 5: அளவுகளும் மாற்று வழிகளும்

அளவே கொடுக்காவிட்டால் செய்ய முடியாது. ஒரே அளவை மட்டும் கொடுத்தால், அதைச் சற்று மாற்றிச் செய்பவர் எளிதாக நழுவிவிடுவார். ஆகவே மூன்று அடுக்காக எழுதுங்கள்: பொதுவான வரம்பு, விரும்பத்தக்க வரம்பு, நீங்கள் உண்மையில் செய்த அளவு. "தகட்டுக் கோணத்தை 30 முதல் 120 பாகை வரை, விரும்பத்தக்கதாக 45 முதல் 90 பாகை வரை மாற்றலாம். ஒரு வடிவத்தில் 45, 60, 75, 90 பாகைகளுக்கு நான்கு துளைகள் உள்ளன."

செய்து பார்த்தவருக்கு மட்டும் தெரிந்த அளவை விட்டுவிடாதீர்கள். எங்கள் துளைகள் சுழல் ஆணியின் மையத்திலிருந்து 40 மில்லிமீட்டரில் இருக்கின்றன. 15 பாகை இடைவெளியில் பக்கத்துத் துளைகளின் மையங்களுக்கு இடையே 10.4 மில்லிமீட்டர் வருகிறது. துளையின் விட்டம் 6.5 என்பதால் நடுவில் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இரும்பு நிற்கிறது. ஆரத்தைக் குறைத்தால் அந்த இரும்பு மெலிந்து, கல்லில் மோதும்போது கிழியும். சிறந்த முறை தெரிந்திருந்தும் அதை மறைப்பதை அமெரிக்கச் சட்டம் ஏற்பதில்லை.

பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் "இதற்குப் பதில் வேறு எதை வைக்கலாம்" என்று கேளுங்கள். ஊசிக்குப் பதில் சிறகுத் திருகு, தனித்தனித் துளைகளுக்குப் பதில் வளைந்த காடி, மரக்கைப்பிடிக்குப் பதில் இரும்புக் குழாய். வெறுமனே பட்டியலிடாமல் ஒவ்வொன்றும் எப்படிப் பொருந்தும் என்று ஒரு வரியாவது சொல்லுங்கள். "கட்டாயம்", "மட்டுமே", "இன்றியமையாத" போன்ற சொற்களைத் தேடிப் பிடித்து நீக்குங்கள். "ஊசி எஃகினால் மட்டுமே செய்யப்பட வேண்டும்" என்று எழுதியவர், பித்தளை ஊசி போட்டவரைத் தடுக்கத் திணற வேண்டியிருக்கும்.

படி 6: படங்கள்

எளிய கோட்டுப் படங்கள் போதும். நாங்கள் மூன்று வரைந்தோம்: முழுக் கருவியின் பக்கத் தோற்றம், துண்டுகளைப் பிரித்துக் காட்டும் படம், சமதரையிலும் சரிவிலும் தகடு படியும் விதம். படத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணும் எழுத்தில் வர வேண்டும். எழுத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணும் படத்தில் இருக்க வேண்டும். பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துச் சரிபாருங்கள்.

அனுப்பிய பிறகு அந்த விண்ணப்பத்தில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. புதிய யோசனை வந்தால் இன்னொரு தற்காலிக விண்ணப்பம் கொடுக்கலாம். புதிய பகுதிக்கு அந்தப் புதிய தேதிதான் கிடைக்கும். முதல் தேதியைத் தக்கவைக்கும் 12 மாதக் கணக்கு மட்டும் முதல் விண்ணப்பத்திலிருந்தே ஓடும்.

அனுப்புவதற்கு முதல் நாள், வரைவை மீண்டும் தங்கையிடம் வாசித்தேன். வெளியார் எவருக்கும் காட்டாமல் வீட்டுக்குள்ளேயே சோதித்தது, விண்ணப்பத்துக்கு முன் விஷயம் வெளியாகிவிடக் கூடாது என்பதற்காக. இந்த முறை அவள் வரைந்தது சுரண்டியேதான். கூர்முனை ஆளைப் பார்த்து இருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, இழுக்கும்போது இந்த ஊசி கழன்று விழாதா?" என்று கேட்டாள். விழாது, அதன் நுனியில் ஒரு துளை போட்டு வளையக் கம்பி மாட்டியிருந்தோம். அது கண்முன்னே கிடந்தும் வரைவில் இல்லை. இரவே இந்த வாக்கியத்தைச் சேர்த்தேன்: "பூட்டு ஊசி 24இன் வெளிமுனையில் உள்ள குறுக்குத் துளை வழியாக வளையக் கம்பி 26 செருகப்படுவதால், கருவியை இழுக்கும்போது ஊசி காதுகள் 14இலிருந்து வெளியேறாது."