சின்ட்ல் சேர்மங்களில் எலக்ட்ரான் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்சியம் போன்ற எலக்ட்ரானை எளிதில் இழக்கும் உலோகங்கள் சிலிக்கன் போன்ற தனிமங்களுடன் சேர்ந்து உருவாக்குபவையே சின்ட்ல் சேர்மங்கள். கால்சியம் தன் இரு எலக்ட்ரான்களையும் சிலிக்கனுக்குக் கொடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிக்கனும் எட்டு எலக்ட்ரான்களை எட்ட இன்னும் எத்தனை பிணைப்புகள் வேண்டும் என்று பார்ப்பதே சின்ட்ல் கணக்கு. Ca₂Si-இல் சிலிக்கன் நான்கு எலக்ட்ரான்களைப் பெறுவதால் தனித்து நிற்கிறது. CaSi-இல் இரண்டு பெற்று, இரு பிணைப்புகளுடன் சங்கிலியாகிறது.

பலரும் தவறுவது Ca₅Si₃-இல்தான். பத்து எலக்ட்ரான்களை மூன்று சிலிக்கன்களுக்குச் சமமாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் பின்னத்தில் ஒரு மின்சுமை எழுதி, அதற்கேற்ற அமைப்பைத் தேடித் திணறுகிறார்கள். சராசரி என்பது கணக்கின் விடைதானே தவிர, எந்த அணுவின் நிலையும் அன்று. மொத்தத்தைப் பாருங்கள்: சிலிக்கன்களின் சொந்த எலக்ட்ரான்கள் 12, கால்சியம் தந்தவை 10, ஆக 22. மூன்று எண்மங்களுக்கு 24 வேண்டும்; குறையும் இரண்டை ஈடுசெய்ய ஒரே ஒரு Si–Si பிணைப்பு போதும். ஒரு பிணைப்பு இரண்டு அணுக்களைத்தான் இணைக்கும் என்பதால் மூன்றாவது தனித்தே நிற்க வேண்டும்: ஒரு Si₂⁶⁻, ஒரு Si⁴⁻. படிக அமைப்பில் காணப்படுவதும் இதுவே. ஆகவே வாய்பாட்டைக் கண்டதும் வகுக்காமல், படிகத்தில் Si–Si தூரங்களை முதலில் பாருங்கள், ஏறத்தாழ 2.4 முதல் 2.5 Å வரை இருந்தால் அது பிணைப்பு, 3 Å-ஐத் தாண்டினால் பெரும்பாலும் அன்று.

பிணைப்பின் எண்ணிக்கை தெரிந்தால் வடிவமும் தெரிந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. NaSi, CaSi₂ இரண்டிலும் சிலிக்கன் ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானைப் பெற்று மூன்று பிணைப்புகள் கொள்கிறது. ஆனால் முன்னதில் Si₄⁴⁻ நான்முகிகளும் பின்னதில் மடிப்புள்ள அடுக்குகளும் உருவாகின்றன. எதிர்மின் அயனிகளுக்கு இடையே நேர்மின் அயனிகள் அமர வேண்டிய முறைக்கும் இதில் பங்குண்டு.

K₄Ge₉ போன்ற கொத்துகளில் இந்தக் கணக்கே பொருந்தாது. Ge₉⁴⁻-இல் உள்ள 40 எலக்ட்ரான்களை எண்ம விதிப்படி பார்த்தால் 16 பிணைப்புகள் கிடைக்கும். ஒரு முகத்தில் மட்டும் மூடிய சதுர எதிர்ப்பட்டகமாக வரைந்தால் விளிம்புகளோ 20. இங்கே கொத்து முழுவதற்குமான எலக்ட்ரான் இணைகளை எண்ணி வடிவத்தைக் கணிக்கும் வேட் விதியைக் கொள்ள வேண்டும்: அணுவுக்கு ஓர் இணை வெளிநோக்கி ஒதுங்க, எஞ்சும் 11 இணைகள் ஒன்பது அணுக்களுக்கு n+2 ஆகின்றன, அது ஒரு முனை விடுபட்ட, நிடோ வகைக் கொத்து.

கடைசியாக, Si⁴⁻ என்று எழுதுவதை உண்மையான மின்சுமையாகக் கொள்ளக் கூடாது. கால்சியத்தின் ஆர்பிட்டால்களும் பிணைப்பில் கலப்பதால் மாற்றம் முழுமையானதன்று. அதனால்தான் கணக்கு கச்சிதமாக முடியும் CaSi கூட, குறைகடத்தியாக இல்லாமல் உலோகத்தைப்போல் மின்சாரத்தைக் கடத்துகிறது.